‘சர்க்கிள் பேக்’ இல்லாமல் ஆபீஸ் மெயில் எழுதுவது எப்படி?

கீழே உள்ள மெயிலை இந்தக் கட்டுரைக்காக நான் எழுதினேன். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு நாள் எனக்கு வந்ததுதான். சிலவற்றை நானே அனுப்பியும் இருக்கிறேன். ஒரு சப்போர்ட் டீமின் லீட் தன் குழுவில் உள்ள எட்டுப் பேருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் கோரிக்கைகளை இதுவரை ஒரு எக்செல் ஷீட்டில் குறித்துவந்தார்கள். இனி ஒரு டிக்கெட் டூலுக்கு மாறப்போகிறார்கள்.

> சப்ஜெக்ட்: க்விக் அப்டேட்
>
> ஹாய் டீம்,
> ஆஸ் டிஸ்கஸ்டு, வி வில் லெவரேஜ் தி நியூ டிக்கெட் டூல் கோயிங் ஃபார்வர்ட். கைண்ட்லி அலைன் வித் யுவர் ஸ்டேக்ஹோல்டர்ஸ். லெட்ஸ் டேக் தி ஆக்சஸ் இஷ்யூ ஆஃப்லைன். வில் சர்க்கிள் பேக் ஆன் பில்லிங் ஒன்ஸ் ஐ ஹாவ் பேண்ட்வித். ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல் பை இஓடி.

எட்டுப் பேரும் படித்துவிட்டு “நோட்டட்” என்று பதில் போடுவார்கள். அப்புறம் ஒவ்வொருவராக லீடின் இருக்கைக்கு வருவார்கள். “எப்பலேர்ந்து மாறணும்?” “பழைய ஷீட்டை மூடிடலாமா?” “எனக்கு லாகினே வரலையே, யார்கிட்ட கேக்கறது?” மெயிலில் இருந்திருக்க வேண்டிய விஷயம் முழுவதும் இப்படி வாய்வழியாகப் போய்ச் சேரும். அன்று லீவில் இருந்தவருக்கு அதுவும் சேராது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த மாதிரி மெயிலைப் பார்த்து, ஆபீஸ் ஆங்கிலம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த ஒரு மெயிலையே எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்து எளிய சொற்களில் திருப்பி எழுதிப் பார்க்கலாம்.

தொடங்கும் முன்: சொல்லை வகை பிரிப்பது

இந்தச் சொற்களை எல்லாம் ஒரே மாதிரி மாற்ற முடியாது. சிலவற்றுக்கு நேரடியாக ஓர் எளிய சொல் இருக்கிறது. ‘லெவரேஜ்’ இருக்கும் இடத்தில் ‘யூஸ்’ போட்டால் போதும். ‘சர்க்கிள் பேக்’ அப்படிப்பட்டது அல்ல. அந்த இடத்தில் ‘ரிட்டர்ன்’ என்று எழுதினாலும் வாக்கியம் அதே அளவு புகைமூட்டமாகவே இருக்கும். ஏனென்றால் அங்கே குறைவது சொல் அல்ல, ஒரு தகவல். யார், என்ன, எப்போது என்ற மூன்றில் ஒன்றை எழுதியவர் முடிவு செய்யவில்லை. அந்தக் காலி இடத்தின் மேல் இந்தச் சொல் விரிக்கப்பட்டிருக்கிறது.

அதனால் இத்தகைய சொல் ஒன்றைப் பார்த்ததும் அகராதியைத் தேட வேண்டாம். இதற்கு நேரான சொல் இருக்கிறதா, அல்லது இது ஒரு தகவலை மறைக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு நல்ல வழி உண்டு. அந்த வாக்கியத்தை, பக்கத்து இருக்கையில் உள்ளவரிடம் டீ குடிக்கும்போது சொல்வதுபோலத் தமிழில் சொல்லிப் பாருங்கள். “புது டூலை யூஸ் பண்ணப் போறோம்” என்பது சிரமமில்லாமல் வந்துவிடுகிறது. ஆகவே லெவரேஜுக்கு நேரான சொல் இருக்கிறது. “பில்லிங் விஷயத்துக்கு நான் வட்டம் போட்டுத் திரும்ப வருவேன்” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாயில் வருவது “பில்லிங் விஷயம் பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்” என்பதுதான். ஆங்கில வாக்கியத்தில் இல்லாத வெள்ளிக்கிழமை தமிழில் தானாக வந்து உட்கார்ந்துவிட்டதைக் கவனியுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசும்போது, “எப்போ?” என்று எதிரில் இருப்பவர் கேட்கும் முன்பே நாம் பதில் சொல்லிவிடுகிறோம். மெயிலில் அந்த முகம் இல்லாததால் அந்தப் பதிலும் விட்டுப்போகிறது.

தமிழில் சொல்லும்போது நாக்கு எங்கே தடுமாறுகிறதோ, அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். மேலே உள்ள மெயிலில் எனக்குப் பல இடங்களில் கோடு விழுந்தது.

லெவரேஜ்: எளிதான இடம், ஆனாலும் ஒரு நிமிடம்

லெவரேஜ் என்ற சொல் நெம்புகோலில் இருந்து வந்தது. சிறிய விசையால் பெரிய பாரத்தைத் தூக்குவது. நிதித்துறையில் இதற்குத் துல்லியமான பொருள் உண்டு. கடன் வாங்கிய பணத்தைக் கொண்டு முதலீட்டின் அளவைப் பெருக்குவது. பிரிட்டிஷ் அரசின் இணையதளமான GOV.UK, தனக்காக எழுதுபவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் லெவரேஜும் இருக்கிறது, நிதிப் பொருளில் வந்தால் மட்டும் விலக்கு. நீங்களும் அதே விதியை வைத்துக்கொள்ளலாம். வங்கியிலோ முதலீட்டு நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர் ‘லெவரேஜ்’ என்று கடனைப் பற்றி எழுதினால் அதைத் தொட வேண்டாம். அங்கே அது தொழில்சொல். மாற்றினால் பொருள் கெடும்.

நம் மெயிலில் அது ‘யூஸ்’தான். ஆனால் மாற்றும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். சிலர் லெவரேஜ் என்று எழுதும்போது மனதில் வைத்திருப்பது “புதிதாக எதுவும் வாங்கப்போவதில்லை, ஏற்கெனவே இருப்பதை வைத்தே செய்யப்போகிறோம்” என்பதை. அப்படியானால் வெறும் ‘யூஸ்’ போதாது. கூடுதல் செலவு இல்லை என்பதுதான் அங்கே செய்தி. அதைத் தனி வாக்கியமாக எழுத வேண்டும். நம் லீடின் மனதில் அப்படி எதுவும் இல்லை. எனவே யூஸ்.

அதே வாக்கியத்தில் உள்ள ‘கோயிங் ஃபார்வர்ட்’ தேதியை மறைக்கிறது. ‘இனிமேல்’ என்றால் இந்த நிமிடத்தில் இருந்தா, அடுத்த மாதத்தில் இருந்தா? லீடிடம் கேட்டால் ஜூன் 9, திங்கட்கிழமை என்கிறார். தேதி கிடைத்துவிட்டால் ‘கோயிங் ஃபார்வர்ட்’ வேண்டியதில்லை.

அலைன்: அதிகத் தொல்லை கொடுக்கும் சொல்

என் அனுபவத்தில் சர்க்கிள் பேக்கைவிட ஆபத்தானது இதுதான். “ஸ்டேக்ஹோல்டர்ஸுடன் அலைன் செய்யுங்கள்” என்பதற்குக் குறைந்தது மூன்று பொருள்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்பது ஒன்று. அவர்களிடம் ஒப்புதல் வாங்குங்கள் என்பது இன்னொன்று. அவர்கள் செய்வதற்கு ஏற்ப உங்கள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு வேலைகள். தகவல் சொல்வது ஐந்து நிமிடம். ஒப்புதல் வாங்குவதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம்.

ஒருமுறை எங்கள் குழுவில் இப்படி ஒரு மெயில் வந்தது. நான் வாடிக்கையாளருக்கு ஒரு வரி தகவல் அனுப்பிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். என்னுடன் இருந்த அக்கா, எழுத்தில் ஒப்புதல் வரட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தார். இரண்டு பேரும் மெயிலைச் சரியாகத்தான் படித்திருந்தோம். அந்த நான்கு நாளுக்குப் பழி மட்டும் அவர் மேல் விழுந்தது. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதனால் ‘அலைன்’ என்று எழுத விரல் போகும்போது டெல், ஆஸ்க், கெட் அப்ரூவல், மேட்ச் என்ற நான்கில் எது என்று தேர்ந்தெடுங்கள். ‘ஸ்டேக்ஹோல்டர்ஸ்’ என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆட்களை அல்லது குழுவைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நம் லீடிடம் கேட்டபோது அவர் சொன்னது: “ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வாடிக்கையாளர்கிட்ட, கோரிக்கைக்கு இனி ஒரு டிக்கெட் நம்பர் வரும்னு சொல்லிடணும். ஒப்புதல் எல்லாம் வேண்டாம்.” இதுதான் அந்த வாக்கியம். ‘ஒப்புதல் வேண்டாம்’ என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் காத்திருப்பார்.

ஆஃப்லைன், சர்க்கிள் பேக், பேண்ட்வித்

‘டேக் இட் ஆஃப்லைன்’ என்பதற்குக் கூட்டத்தில் ஒரு பயன் உண்டு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இரண்டு பேருக்கான விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். மெயிலில் அதற்கு இடமே இல்லை. யார் யாரிடம் எப்போது பேசப்போகிறார்கள் என்று எழுத வேண்டும். நம் கதையில் இரண்டு பேருக்கு லாகின் வேலை செய்யவில்லை. அவர்கள் ஐடி ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுத வேண்டும், வியாழன் மதியத்துக்குள் சரியாகாவிட்டால் லீடிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ‘ஆஃப்லைன்’ என்று போட்டுவிட்டதால் அந்த இரண்டு பேரும் லீட் கூப்பிடுவார் என்று காத்திருப்பார்கள், லீட் அவர்கள் வருவார்கள் என்று காத்திருப்பார்.

சர்க்கிள் பேக்குக்கு வருவோம். இதை எழுதுபவர் சோம்பேறி அல்ல. பெரும்பாலும் அவருக்கு இன்னும் பதில் தெரியாது, அல்லது தேதி சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான். தேதி கொடுத்துவிட்டுத் தவறினால் என்ன ஆகும் என்ற பயம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வேலை முடியும் தேதியைச் சொல்ல முடியாவிட்டால், அடுத்துத் தகவல் சொல்லும் தேதியைச் சொல்லுங்கள். “பில்லிங் கோரிக்கைகளும் புது டூலுக்கு மாறுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஃபைனான்ஸ் டீமிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஜூன் 6 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் எழுதுகிறேன்.” இதில் நீங்கள் கொடுக்கும் வாக்கு உங்கள் கையில் இருப்பது. ஃபைனான்ஸ் எப்போது பதில் சொல்லும் என்பது உங்கள் கையில் இல்லை, வெள்ளிக்கிழமை ஒரு மெயில் எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் “ஐ வில் ரைட் பை ஃப்ரைடே, ஈவன் இஃப் ஐ ஹாவ் நோ ஆன்சர்” என்றால் தீர்ந்தது. சர்க்கிள் பேக்கைத் தேடி வந்தவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போனாலே போதும்.

அப்புறம், அந்த இடைக்காலத்தில் படிப்பவர் என்ன செய்வது என்பதையும் சேர்க்க வேண்டும். “அதுவரை பில்லிங் மட்டும் பழைய ஷீட்டிலேயே இருக்கட்டும்.” சர்க்கிள் பேக் என்று எழுதும் மெயில்களில் எப்போதும் விட்டுப்போவது இந்த ‘அதுவரை’தான்.

‘பேண்ட்வித்’ வேகமாக முடிந்துவிடும். நெட்வொர்க் குழுவில் இருந்தால் அது ஓர் இணைப்பில் ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு போக முடியும் என்ற அளவு, அப்படியே விடுங்கள். மற்ற இடங்களில் அது ‘டைம்’. நேரம் ஏன் இல்லை என்பது படிப்பவருக்கு உதவும் என்றால் காரணத்தைச் சொல்லுங்கள், உதவாது என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். நம் மெயிலில் தேதி வந்துவிட்டதால் பேண்ட்வித் தேவையில்லை.

நீட்ஃபுல், இஓடி, ரிவர்ட்

இவை நம் ஊர் அலுவலகங்களில் அதிகம் புழங்குபவை. ‘டூ தி நீட்ஃபுல்’ பழைய பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலம். அங்கே கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது, இங்கே தங்கிவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்றால், செய்ய வேண்டியது என்ன என்பதைப் படிப்பவர் ஊகிக்க வேண்டும். அதை நீக்கிவிட்டு வேலையை வினைச்சொல்லோடு எழுதுங்கள்: லாகின் செய்து பாருங்கள், வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

‘இஓடி’ யாருடைய நாளின் முடிவு? சென்னையில் எல்லோரும் ஒரே மாடியில் இருந்தால் மாலை ஆறு மணி என்று புரிந்துகொள்வார்கள். நியூயார்க்கில் ஒருவர் இருந்தால் கதை வேறு. அங்கே கோடைக்காலத்தில் மாலை 5 மணி என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 2.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்த பிறகு அதுவே 3.30. ஆகவே கிழமை, தேதி, மணி, எந்த ஊர் நேரம் என்ற நான்கையும் எழுதுங்கள்.

‘ரிவர்ட்’ நான் கொடுத்த மெயிலில் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாம் அதைப் ‘பதில் சொல்லுங்கள்’ என்ற பொருளில் எழுதுகிறோம். அமெரிக்கர்களுக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. மென்பொருள் எழுதுபவர்களுக்கு இன்னும் குறிப்பாக, `git revert` என்பது செய்த மாற்றத்தை ரத்து செய்யும் கட்டளை. நான் ஒரு டெவலப்பருக்கு “ப்ளீஸ் ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச்” என்று எழுதினேன். அந்த மாற்றத்தைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டேன். அவர் கடல் கடந்த ஊரில் இருந்தார். காலையில் வந்து பார்த்தபோது மாற்றம் ரத்தாகியிருந்தது. அவர் மேல் ஒரு தவறும் இல்லை. ‘ரிப்ளை’ என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

‘டேபிள்’ என்ற சொல்லும் இப்படித்தான். ஒரு விஷயத்தை டேபிள் செய்வது என்றால் பிரிட்டனிலும் இந்தியாவிலும் விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் தள்ளிவைப்பது. இரண்டு நாட்டுக்காரர்களும் படிக்கும் மெயிலில் அதை எழுதவே வேண்டாம்.

திருத்திய மெயில்

கிடைத்த பதில்களை எல்லாம் சேர்த்தால் மெயில் இப்படி வருகிறது. பொருளைப் பார்ப்பதற்காகத் தமிழில் தருகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதும்போதும் வாக்கியங்கள் இதே நீளத்தில் இருக்கட்டும்.

> சப்ஜெக்ட்: ஜூன் 9 முதல் கோரிக்கைகளை டிக்கெட் டூலில் பதியவும்
>
> அனைவருக்கும் வணக்கம்,
> ஜூன் 9 திங்கட்கிழமை முதல் புதிய கோரிக்கைகளை எக்செல் ஷீட்டில் எழுதாமல் டிக்கெட் டூலில் பதியுங்கள். ஷீட்டில் ஏற்கெனவே உள்ளவற்றை மாற்ற வேண்டாம், அவை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.
>
> ஜூன் 5 வியாழன் மாலை 6 மணிக்குள் (சென்னை நேரம்) இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, டூலில் லாகின் செய்து பாருங்கள். வரவில்லை என்றால் உடனே ஐடி ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதுங்கள், அன்று மதியம் வரை சரியாகாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். இரண்டு, உங்கள் வாடிக்கையாளரிடம் இனி டிக்கெட் நம்பர் வரும் என்று சொல்லிவிடுங்கள். அவர்களின் ஒப்புதல் தேவையில்லை.
>
> பில்லிங் கோரிக்கைகளும் மாறுமா என்று இன்னும் தெரியாது. ஃபைனான்ஸ் டீமிடம் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டாலும் ஜூன் 6 வெள்ளி மாலை 4 மணிக்குள் எழுதுகிறேன். அதுவரை பில்லிங் மட்டும் ஷீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் மெயிலைவிட இது நீளம். எளிய சொல் என்றால் மெயில் சுருங்கும் என்று பலர் சொல்வார்கள், இங்கே அப்படி நடக்கவில்லை. முன்பு எட்டுப் பேர் இருக்கைக்கு வந்து கேட்டுத் தெரிந்துகொண்டது இப்போது மெயிலுக்குள்ளேயே வந்துவிட்டது. சப்ஜெக்ட்டை மட்டும் படிப்பவருக்கும் தேதியும் வேலையும் தெரிந்துவிடும். சப்ஜெக்ட்டைக் கடைசியாக எழுதுங்கள். மெயிலை முடித்த பிறகுதான் அதில் எது முக்கியம் என்று நமக்கே தெரிகிறது.

அனுப்பும் முன் இன்னொரு சோதனை. குழுவில் மிகப் புதியவராக உங்களை நினைத்துக்கொண்டு, மெயிலைப் படித்ததும் நாளை காலை வந்து எதைத் திறப்பீர்கள், என்ன செய்வீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் தகவல் இன்னும் குறைகிறது. ஆரம்பத்தில் உங்களுக்குப் பழகிப்போன ஐந்தாறு சொற்களை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் Ctrl+F போட்டுத் தேடுவதும் உதவும். எனக்கு அந்தத் தாள் இரண்டு மாதம் தேவைப்பட்டது.

மேலே இருப்பவர்களுக்கு எழுதும்போது

எளிமையாக எழுதினால் அதட்டுவது போல ஆகிவிடுமோ என்ற தயக்கம் நியாயமானது. தமிழில் ‘ங்க’ சேர்த்தால் மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அப்படி எதுவும் இல்லாததால் “செண்ட் தி ஃபைல்” மொட்டையாக நிற்கிறது. இதற்கு மருந்து சர்க்கிள் பேக் போன்ற மழுப்பல் சொற்கள் அல்ல. ஒரு ‘ப்ளீஸ்’, கூடவே ஒரு காரணம். “ப்ளீஸ் செண்ட் தி ஃபைல் பை த்ரீ, தி கிளையண்ட் கால் இஸ் அட் ஃபோர்.” நான்கு மணிக்கு வாடிக்கையாளர் அழைப்பு என்று தெரிந்தால் மூன்று மணி என்பது கட்டளையாகத் தோன்றாது. ‘கைண்ட்லி’ எழுதிப் பழகியிருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தத் தகவலையும் மறைப்பதில்லை.

மேனேஜரே “லெட்ஸ் சர்க்கிள் பேக்” என்று எழுதினால் அவரைத் திருத்தப் போகாதீர்கள். உங்களுக்குப் புரிந்ததை எளிய சொற்களில் எழுதிக் கேளுங்கள்: “சார், புதன்கிழமை காலை ரிப்போர்ட்டோடு உங்களை வந்து பார்க்கட்டுமா? அதுவரை வாடிக்கையாளருக்கு எதுவும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.” இதற்கு ‘ஆமாம்’ என்றோ ‘வேண்டாம், வியாழன் வா’ என்றோ ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். பதில் வராவிட்டால் செவ்வாய் மாலை அதே மெயிலின் கீழே ஒரு வரி எழுதிக் கேட்கலாம். கேட்பதற்கு இப்போது உங்களிடம் ஒரு கிழமை இருக்கிறது.